விலை மட்டும் மாறட்டும்

ஓட்டலில் மெனு கார்டைப் பிரித்ததும் கண் நேராகப் போய் நிற்பது ஒட்டுப் போட்ட விலையில்தான். 90 என்று அச்சாகியிருந்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, அதன் மேல் பேனாவால் 110 என்று எழுதியிருப்பார்கள். அடியில் பழைய விலை என்ன என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. கடைக்காரர் தவறேதும் செய்யவில்லை. எண்ணெய் விலை ஏறியது, சிலிண்டர் விலை ஏறியது, அவரும் விலையை ஏற்றினார். ஆனாலும் ஒட்டுப் போட்ட விலை ஏதோ மறைக்கப்படுகிறது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறது.

இதைத் தவிர்க்கத்தான் பலரும் டிடிபி கடைக்குப் போகிறார்கள். “நாலு ஐட்டத்துக்கு விலை மட்டும் மாத்திக் குடுங்க” என்று கேட்கிறார்கள். பத்து நிமிட வேலை என்று இரு தரப்பும் நினைக்கிறது. புதிய அட்டை அச்சாகி வந்ததும் எந்த நாலு விலை மாறியது என்று கடைக்கு வருகிற குழந்தைகூடச் சொல்லிவிடும். அந்த நாலு எண்கள் மட்டும் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கறுப்பாக, கொஞ்சம் தள்ளி நிற்கும். பேனாவால் எழுதிய ஸ்டிக்கரையாவது அவசரத்துக்குச் செய்தது என்று மன்னிக்கலாம். அச்சில் வரும் இந்தப் பிசகுக்கு அந்தச் சலுகையும் கிடைக்காது.

ஒரு விலையில் மூன்று பொருள்கள் உள்ளன: எண்கள், ரூபாய்க் குறி, அவற்றுக்கு இடையிலும் சுற்றிலும் உள்ள வெற்றிடம். மூன்றில் எது பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். என்ன பிசகியது என்று வாடிக்கையாளரால் சொல்ல முடியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். அந்த ‘ஏதோ’ என்ன என்பதை ஒரு டிபன் கடையின் மெனு கார்டை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரு கார்டு, மூன்று மாற்றங்கள்

கடையின் ஆங்கில மெனு கார்டு ஜார்ஜியா எழுத்துருவில் அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். பொங்கல் 60லிருந்து 70 ஆகிறது. மசால் தோசை 90லிருந்து 110. ஃபில்டர் காபி 30லிருந்து 35. நெய் ரோஸ்ட் 120 என்பது அப்படியே இருக்கிறது.

ஜார்ஜியாவை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். அதன் எண்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பவை அல்ல. 0, 1, 2 ஆகியவை ஆங்கிலச் சின்ன எழுத்தின் உயரமே இருக்கும். 3, 4, 5, 7, 9 ஆகியவை அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். 6, 8 இரண்டும் மேலே ஏறும். பழைய புத்தக அச்சில் இருந்து வந்த இந்த அமைப்பை ‘ஓல்டு ஸ்டைல்’ எண்கள் என்பார்கள். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் போன்றவற்றில் எல்லா எண்களும் பெரிய எழுத்தின் உயரத்தில், ஒரே கோட்டில் நிற்கும். அவை ‘லைனிங்’ எண்கள்.

இப்போது மாற்றங்களைப் பாருங்கள். 60இல் இருந்த 6 மேலே ஏறி நின்றது. 70இல் வரும் 7 கீழே இறங்குகிறது. ஆக, பொங்கல் வரியின் முடிவில் இருந்த வடிவமே தலைகீழாகிவிடுகிறது. மசால் தோசைக்கு வரும் 110இல் மூன்று எண்களும் குட்டையானவை. 90 இருந்த இடத்தில் அதைப் போட்டால், அளவு குறைந்துவிட்டது போலத் தெரியும். டிடிபி செய்பவர் பதறிப்போய் 110ஐ மட்டும் இரண்டு பாயின்ட் பெரிதாக்குவார். அல்லது டைம்ஸ் எழுத்துருவுக்கு மாற்றுவார். தப்பு நடப்பது அந்த இடத்தில்தான். நாலு வரி தள்ளி நெய் ரோஸ்ட்டுக்குப் போட்ட 120உம் மூன்று குட்டை எண்களால் ஆனதே. அது அப்படியே இருக்க, 110 மட்டும் உயர்ந்து நிற்கும்.

ஆகவே புதிய எண் சரியா என்று பார்க்க, அழித்த பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அட்டையில் மாறாமல் இருக்கிற, அதே எண்கள் கொண்ட இன்னொரு விலையோடு ஒப்பிட வேண்டும். 110க்குச் சரியான சாட்சி 120. காபிக்கு வரும் 35க்குச் சாட்சி, எங்காவது இருக்கும் 25, 45, 135. அவற்றின் 5 எவ்வளவு இறங்குகிறதோ இதன் 5உம் அவ்வளவு இறங்கினால் போதும். ஜார்ஜியாவின் 110 குட்டையாகத் தெரிவது தவறே அல்ல, அந்த எழுத்துருவின் இயல்பு. அதைத் திருத்தப் போனால்தான் தவறாகும்.

விலைப்பட்டியலுக்கு ஜார்ஜியாவைத் தேர்ந்தெடுத்ததே சரியில்லை என்பது என் கருத்து. பத்திகளுக்கு நடுவே ஓடுகிற எண்களுக்கு அது அழகு. மேலிருந்து கீழாக அடுக்கும் விலைகளுக்கு ஒரே உயர எண்களே ஏற்றவை. ஆனால் நாலு விலை மாற்ற வந்தவரிடம் முழு அட்டையையும் மாற்றச் சொல்வதற்கு முன், இருப்பதை அதன் இயல்பிலேயே திருத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்துருவைக் கண்டுபிடிப்பது

மூலக் கோப்பு கையில் இருந்தால் இந்தப் பாடு இல்லை. பெரும்பாலும் இருக்காது. போன முறை அடித்தவர் கடையை மூடியிருப்பார், கம்ப்யூட்டர் மாறியிருக்கும். வந்தவரிடம் பழைய அட்டை ஒன்றோ, வாட்ஸ்அப்பில் வந்த படமோதான் இருக்கும். அப்போது எண்களைப் பெரிதாக்கிப் பார்த்து எழுத்துருவை அடையாளம் காண வேண்டும்.

இதற்கு எல்லா எண்களும் தேவையில்லை. 1க்கு அடியில் பாதம் இருக்கிறதா, தலையில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கில் சான்ஸ் எழுத்துருவில் 1 என்பது வெறும் செங்குத்துக் கோடு. 4இன் உச்சி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? 7இன் சாய்வுக் கோடு நேராக இறங்குகிறதா, வளைகிறதா? 6, 9 ஆகியவற்றின் வால் சுருண்டிருக்கிறதா, நேராக முடிகிறதா? இந்த நாலைந்து அடையாளங்களிலேயே பெரும்பாலான எழுத்துருக்கள் பிரிந்துவிடும்.

தமிழ் மெனு கார்டுகளில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் தமக்கென எண்களை உள்ளே வைத்திருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த அட்டையில் ‘இட்லி 40’ என்று இருந்தால், அந்த 40உம் பாமினியின் எண்ணாகவே இருக்கும். ஆங்கில எழுத்துருக்களில் தேடினால் அது பெரும்பாலும் கிடைக்காது. பிறகு அதே அட்டையை யூனிகோடுக்கு மாற்றி நிர்மலா யுஐ போன்ற எழுத்துருவில் வைத்தால், தமிழோடு சேர்ந்து எண்களின் வடிவமும் மாறிவிடும். பாதி பழையது, பாதி புதியது என்று கலந்துபோன அட்டைகள் இப்படித்தான் உருவாகின்றன. எனவே எண்ணைத் தேடும்போது, பக்கத்தில் உள்ள தமிழ் எழுத்து எந்த எழுத்துரு என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

எழுத்துரு கிடைத்த பிறகும் இரண்டு கெட்ட பழக்கங்கள் காரியத்தைக் கெடுக்கும். எழுத்துருவின் உண்மையான தடித்த வடிவம் கணினியில் இல்லாதபோது, தடிமன் பொத்தானை அழுத்தினால் சில மென்பொருள்கள் மெல்லிய எழுத்தையே ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். கோடுகள் பருத்து, 6, 8, 9 ஆகியவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும். இரண்டாவது பழக்கம், மவுசால் பிடித்து அமுக்குவது. இரண்டு எண்கள் இருந்த இடத்தில் மூன்று எண்கள் கொள்ளவில்லை என்று அகலத்தைக் குறைத்தால், நின்ற கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே இருக்கும். பக்கத்து விலைகளில் இரண்டும் இயல்பான விகிதத்தில் இருக்க, இது மட்டும் பசியில் வாடியது போல நிற்கும். இடம் போதவில்லை என்றால் இடத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். எண்ணை ஒருபோதும் நசுக்கக் கூடாது.

சொல்ல வேண்டிய இன்னொன்று, பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டுவது. தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. ஓ உருண்டையாக, அகலமாக இருக்கும். பூஜ்யம் ஒடுங்கியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை நகலெடுத்து ஒட்டும்போது இந்த ஓ கூடவே வந்துவிடும்.

ரூபாய்க் குறி என்ற தனிக் கதை

₹ குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, மும்பை ஐஐடியில் தமிழ் அச்செழுத்து வரலாற்றை ஆய்வு செய்தவர். அந்த ஆண்டு அக்டோபரிலேயே யூனிகோடில் U+20B9 என்ற இடம் அதற்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் உருவான எழுத்துருக்களில் இந்தக் குறி இருக்க வழியில்லை. நம் டிடிபி கடைகளில் புழங்கும் தமிழ் எழுத்துருக்களில் பெரும்பகுதி அந்தக் காலத்தவை. 2001இல் வந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்புக்கு யூனிகோடே தெரியாது.

எழுத்துருவில் ஒரு குறி இல்லாவிட்டால் மென்பொருள் இரண்டில் ஒன்றைச் செய்யும். வெற்றுக் கட்டத்தைக் காட்டும், அல்லது கேட்காமலேயே வேறு எழுத்துருவிலிருந்து அந்தக் குறியை எடுத்து வைத்துவிடும். கட்டம் வந்தால் உடனே தெரிந்துவிடும். ஆபத்து இரண்டாவதில்தான். பட்டையான எண்ணுக்கு முன்னால் மெலிந்த ₹ நிற்கும். எண் அடிக்கோட்டில் நிற்க, குறி சற்றே உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும்.

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. விலையைத் தேர்வு செய்து, முற்றிலும் வேறு தோற்றமுள்ள, ₹ குறி இல்லாத பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். எண்கள் மாறி, ₹ மட்டும் மாறாமல் இருந்தால் அது கடன் வாங்கிய குறி. பிடிஎஃப் ஆக்கிய பிறகு, கோப்பின் பண்புகளில் எழுத்துருக்களின் பட்டியல் இருக்கும். நீங்கள் பயன்படுத்தாத எழுத்துருவின் பெயர் அங்கே இருந்தால் அது பெரும்பாலும் ரூபாய்க் குறிக்காக நுழைந்ததாகத்தான் இருக்கும்.

குறி வந்த புதிதில் ஒரு தற்காலிக ஏற்பாடு பரவியது. விசைப்பலகையில் டேப் விசைக்கு மேலே இருக்கிற ` குறியின் இடத்தில் ரூபாய்க் குறியை வரைந்த சிறு எழுத்துரு அது. நல்ல உதவிதான். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ₹90 என்பது `90 ஆகிவிடும். பழைய கோப்பில் விலைக்கு முன்னால் இப்படிக் காற்புள்ளி போல ஏதோ மேலே தொங்கினால் காரணம் இதுதான். தேடி மாற்றும் வசதியைக் கொண்டு எல்லாவற்றையும் உண்மையான ₹ ஆக்கிவிடுவது நல்லது.

எழுத்துருவில் ₹ இல்லையென்றால் என்ன செய்வது? மாறிய நாலு விலைக்கு மட்டும் புதுக் குறியும் மற்றவற்றுக்கு ‘ரூ.’ என்று பழையபடியும் விடுவது மோசமான வழி. பழைய அட்டை முழுவதும் ‘ரூ.’ இருந்தால் புதிய விலைக்கும் ‘ரூ.’ போதும், அதில் ஒரு குறையும் இல்லை. ₹தான் வேண்டும் என்றால், கோட்டின் தடிமன் ஒத்துப்போகிற இன்னொரு எழுத்துருவின் குறியை எடுத்து, அட்டை முழுவதற்கும் அதையே பயன்படுத்த வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னும் எளியது. பட்டியலின் தலையில் ‘விலை ₹’ என்று ஒருமுறை மட்டும் போட்டுவிட்டு, கீழே வெறும் எண்களை அடுக்குவது. ஐம்பது வரியில் ஐம்பது ரூபாய்க் குறி எதற்கு? குறி ஒன்றானால் பிசகும் இடமும் ஒன்றாகிவிடும். அடுத்த முறை விலை மாறும்போது எண்ணை மட்டும் தொட்டால் போதும்.

இலங்கையில் உள்ள கடைகளுக்கு வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ₹ இந்திய ரூபாயின் குறி. அங்குள்ள விலைக்கு ‘ரூ.’ என்றே வர வேண்டும். முடிவில் நாம் /- போடும் இடத்தில் அங்கே /= போடும் வழக்கமும் உண்டு. இங்கிருந்து அங்கே அனுப்பும் அட்டையில் பழக்கத்தின் வேகத்தில் ₹ ஏறிவிடக் கூடாது.

வெற்றிடத்தின் கணக்கு

எண்ணும் குறியும் சரியாக அமைந்த பிறகும் விலை அந்நியமாகத் தெரிந்தால் காரணம் இடைவெளிதான்.

முதலில் எண்களின் அகலம். சில எழுத்துருக்களில் எல்லா எண்களுக்கும் ஒரே அகலம் ஒதுக்கியிருப்பார்கள். ஒல்லியான 1க்கும் பருத்த 8க்கும் ஒரே அளவு இடம். அதனால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ஒன்றுகள் ஒன்றின் கீழும், பத்துகள் பத்தின் கீழும் சரியாக வரும். இவை அட்டவணை எண்கள். வேறு சில எழுத்துருக்களில் 1க்கு அதன் அளவுக்கேற்ற குறைந்த இடம்தான் கிடைக்கும். ஜார்ஜியா அப்படிப்பட்டது. புதிய எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டு வகையும் உள்ளேயே இருக்கும். இன்டிசைனிலும் கோரல் டிராவின் 2012க்குப் பிந்தைய பதிப்புகளிலும் ஓப்பன்டைப் வசதியில் எது வேண்டும் என்று தேர்வு செய்யலாம். பழைய பட்டியலில் ஒரு வகையும், நீங்கள் அடித்த விலையில் மற்றொரு வகையும் வந்தால், எழுத்துரு அதேதான் என்றாலும் 110இன் இரண்டு ஒன்றுகளும் பிரிந்தோ நெருங்கியோ நிற்கும்.

கியூஆர் குறியை வருடினால் போனில் விரிகிற மெனுவிலும் இதே சிக்கல் வரும். எழுத்துருவில் வசதி இருந்தால் அங்கே ஒரு வரி போதும்:

```css
.vilai { font-variant-numeric: lining-nums tabular-nums; text-align: right; }
```

பட்டியலுக்குச் சம அகல எண்கள் நல்லவை. பெரிய ஃப்ளெக்ஸில் தனியாக நிற்கும் ‘₹110’க்கு அவை பொருந்தாது. அடி உயர எண்ணில் 1க்கு இரு பக்கமும் உள்ள வெற்றிடமும் அதே விகிதத்தில் பெரிதாகும். குறிக்கும் முதல் 1க்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம் போல இருக்கும். அங்கே எண்களை ஒவ்வொன்றாகக் கையால் நெருக்கி வைக்க வேண்டும். திரையில் கண்ணைச் சற்றே இடுக்கிப் பார்த்தால், எந்த இடுக்கில் வெள்ளை அதிகம் என்று தெரியும்.

இரண்டாவது, குறிக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள இடம். ₹110 என்று ஒட்டியும் எழுதுகிறார்கள், ₹ 110 என்று விட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் கடைகளில் பார்க்கலாம். ஒட்டி எழுதுவதையே நான் விரும்புகிறேன். ஆனால் திருத்தும் வேலையில் நம் விருப்பத்துக்கு இடமில்லை. பழைய அட்டை எப்படியோ அப்படி. இடைவெளி இருந்தால், அது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். முழு ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்களா, மெல்லிய இடைவெளியா? சாதாரண ஸ்பேஸ் போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. வரியின் கடைசியில் ₹ மட்டும் தங்கி, 110 அடுத்த வரிக்குத் தாவிவிடும். பிரியாத இடைவெளி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

விலைக்குப் பின்னால் வரும் /- என்பதற்கும் இதே விதி. ரூபாய்க்குப் பிறகு பைசா எதையும் யாரும் சேர்த்துவிடாமல் இருக்க, கைக்கணக்குக் காலத்தில் வந்த வழக்கம் அது. எண்ணோடு ஒட்டியே வரும். பழைய பட்டியலில் /- இருந்து, புதிய நாலு விலையில் மட்டும் விட்டுப்போனால், எண்ணை எவ்வளவு நேர்த்தியாக அமைத்தாலும் பயனில்லை. ஆயிரத்தைத் தாண்டும் விலைகளில் காற்புள்ளியும் அப்படித்தான். பார்ட்டி ஆர்டர் 1,250 என்று ஒரு வரியிலும், 1450 என்று அடுத்த வரியிலும் இருக்கக் கூடாது. லட்சத்தைத் தொட்டால் 1,00,000 என்று நம் முறையில் வர வேண்டும். அமெரிக்க அமைப்பில் உள்ள மென்பொருள் தானாகவே 100,000 என்று போட்டுவிடும்.

மூன்றாவது, மிகப் பலர் தடுக்கி விழும் இடம்: பெயருக்கும் விலைக்கும் நடுவே ஓடும் புள்ளிகள். பழைய கோப்புகளில் பலர் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டியிருப்பார்கள். 90ஐ 110 ஆக்கியதும் வரி நீண்டு, கடைசி 0 வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டு புள்ளியை அழித்தால் கொஞ்சம் உள்ளே போய்விடும். ஒன்றை அழித்தால் கொஞ்சம் வெளியே நிற்கும். புள்ளியின் அகலமும் எண்ணின் அகலமும் வேறு என்பதால், எத்தனை அழித்தாலும் சரியாக உட்காரவே உட்காராது. இதற்குத் தீர்வு வலப்பக்க டேப். விலையின் கடைசி எண் எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று டேப்பை நிறுத்திவிட்டு, புள்ளிகளை அந்த டேப்பே நிரப்பும்படி அமைத்துவிட்டால், 5 ரூபாயானாலும் 1,250 ரூபாயானாலும் வலது ஓரம் ஒரே நேர்கோட்டில் நிற்கும். புள்ளிகள் தாமாகவே கூடிக் குறையும். நம் டிபன் கடை அட்டையில் செலவிட வேண்டிய நேரத்தில் பாதி இந்த ஒரு வேலைக்கே போகும். ஒருமுறை செய்துவிட்டால் அந்த அட்டைக்கு இனி எப்போதும் இந்தத் தொல்லை இல்லை.

படம் மட்டும் இருந்தால்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் மேல் வெள்ளைப் பட்டையை வைத்து, அதன் மேல் புதிய விலையைத் தட்டுவதுதான் நடைமுறையில் அதிகம். ஜேபெக் படத்தில் எழுத்துகளைச் சுற்றி மங்கலான அழுக்கு படிந்திருக்கும். அளவைச் சுருக்கும்போது ஏற்படும் சிதைவு அது. அதன் நடுவே புதிதாகத் தட்டிய எண் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக நிற்கும். பின்னணி வெள்ளையும் உண்மையில் தூய வெள்ளையாக இருக்காது. அச்சில் பட்டையின் ஓரம் லேசாகத் தெரிந்துவிடும்.

புதிய எண்ணையும் அழுக்காக்கிப் பழையதோடு சேர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாத வேலை அது. மங்கலான அட்டையை இன்னும் மங்கலாக்குவதில் யாருக்கு என்ன லாபம்? விலைப் பத்தி முழுவதையும் எடுத்துவிட்டு, மாறியது, மாறாதது எல்லாவற்றையும் ஒரே எழுத்துருவில் புதிதாக அடித்துவிடுங்கள். நாற்பது வரிகள் என்றாலும் அரை மணி நேர வேலை. எல்லா விலைகளும் ஒரே கையில் பிறந்தவை என்பதால் எது புதியது என்ற கேள்வியே எழாது. பழைய எழுத்துரு கிடைக்காத சிக்கலும் இதில் தீர்ந்துவிடும்.

கறுப்பு நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. திரையில் எல்லாக் கறுப்பும் ஒன்றுதான். அச்சில் அப்படியில்லை. நன்றாக அமைத்த கோப்பில் எழுத்துகள் கறுப்பு மை ஒன்றால் மட்டும் அச்சாகும். ஃபோட்டோஷாப்பில் ஆர்ஜிபி முறையில் போட்ட கறுப்பை அச்சுக்கு மாற்றும்போது நாலு மைகளாகப் பிரியும். அதன் வழக்கமான அமைப்பில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 சதவீதம். இந்த நாலு மைகளும் தாளில் இம்மியளவு விலகி விழுந்தாலே சிறிய எண்ணின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசியும். பக்கத்து விலைகள் தெளிவாக இருக்க, மாற்றிய விலை மட்டும் தடித்து மங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் கோப்பை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் வசதியில், கறுப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். விலைகள் எல்லாமே மறைய வேண்டும். ஏதாவது ஒரு எண் நிழலாக மிச்சம் இருந்தால் அது நாலு மை எண்.

வினைல் எழுத்து ஒட்டிய கடைப் பலகைகளில் வெயிலும் ஒரு கை பார்த்திருக்கும். பழைய எண்ணை உரித்தால் அடியில் வெளுக்காத பலகை அந்த எண்ணின் வடிவத்திலேயே தெரியும். அங்கே ஒற்றை எண்ணை மாற்றுவதால் பயனில்லை. வரி முழுவதற்கும் புதுப் பட்டை ஒட்டிவிடுவதே வழி.

தொடக் கூடாத விலைகள்

இதுவரை சொன்னதெல்லாம் கடைக்காரர் தன் பொருளுக்குத் தானே வைக்கும் விலைக்கு. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை அந்த வகையில் சேராது. அதை அழிக்கவோ மறைக்கவோ மாற்றவோ விற்பவருக்கு உரிமை இல்லை என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. விலையைக் குறைப்பதற்காக ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் உற்பத்தியாளர் அச்சிட்ட விலையை அது மறைக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, கையிருப்புப் பொட்டலங்களில் திருத்திய விலையை முத்திரையாகவோ ஸ்டிக்கராகவோ போட உற்பத்தியாளர்களுக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. பழைய விலையும் கண்ணில் பட வேண்டும் என்பது அதில் முக்கிய நிபந்தனை. மெனு கார்டில் மாற்றம் தெரியாமல் இருப்பது அழகு. பொட்டலத்திலோ மாற்றம் தெரிந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

அதே விதிகளில் எண்ணின் வடிவத்துக்கும் ஒரு வரி உண்டு. எழுத்தானாலும் எண்ணானாலும் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. இடமில்லை என்று எண்ணை அமுக்கி ஒல்லியாக்குவதைத் தடுக்கும் ஏற்பாடு இது. எண்களில் 1க்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. அது இயல்பிலேயே ஒல்லி என்பதைச் சட்டம் எழுதியவர்களும் கவனித்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே கைமாறிய பில், ரசீது, கொட்டேஷன் ஆகியவற்றில் தொகையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் எந்த டிடிபி கடையும் மறுத்துவிட வேண்டும். அது வடிவமைப்பு வேலையே அல்ல, மோசடி. தொகை தவறு என்றால் புதிய தேதியில் புதிய ரசீது போடுவதுதான் முறை.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மெனு கார்டோ விலைப்பட்டியலோ அடிக்கும்போது, அட்டைகளோடு சேர்த்துத் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், அதில் பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர்களையும் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃப் ஒன்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.